மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இயந்திரம்: ஒப்பந்தம், ரிட்டர்ன், சேத பில் மூன்றையும் ஒடூவில் அமைப்பது எப்படி?

ஹிட்டாச்சி, ஜேசிபி போன்ற இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் நிறுவனம் ஈ.ஆர்.பி.க்கு மாறும்போது முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சாஃப்ட்வேரில் உள்ள "மணி" வேறு, சைட்டில் உள்ள "மணி" வேறு. இந்த வழிகாட்டி ஒடூ என்ற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரின் 17 எண்டர்பிரைஸ் பதிப்பில் உள்ள ரென்டல் ஆப்பை வைத்து எழுதப்பட்டது. மற்ற பதிப்புகளில் பட்டன்களின் பெயர் கொஞ்சம் மாறலாம், வேலையின் வரிசை மாறாது.

உதாரணத்துக்கு ஒரே ஒப்பந்தத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்வோம். 20 டன் எக்ஸ்கவேட்டர், மணிக்கு ₹1,500, 30 நாளுக்குக் குறைந்தபட்சம் 200 மணி நேரம் உறுதி, டெபாசிட் ₹1,00,000. விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. சிஸ்டத்தைத் தொடும் முன் ஒப்பந்தத்தில் முடிவாக வேண்டியவை

ஒப்பந்தத்தில் இல்லாத விதியை சிஸ்டத்தில் அமைக்க முடியாது. அமைத்தாலும் பில் போகும் நாளில் பார்ட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். எனவே இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, எந்த மணி? இன்ஜின் ஓடிய நேரத்தை எண்ணும் ஹவர் மீட்டர் காட்டும் மணியா, சைட்டில் நின்ற மணியா? மண் வேலை இயந்திரத்துக்குப் பெரும்பாலும் மீட்டர் மணிதான். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடினாலும் மீட்டர் ஓடும் என்பதையும் பார்ட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, வண்டி பிரேக்டவுனில் நின்றால் 200 மணி உறுதி எப்படிக் குறையும்? நமது உதாரணத்தில், முழு நாள் நின்றால் அந்த நாளுக்கான பங்கு குறையும். மழையாலோ சைட் தயாராகாததாலோ நின்றால் குறையாது.

மூன்றாவது, வாடகை எந்த நொடியில் நிற்கும்? பார்ட்டி "வேலை முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் சொன்ன நாளிலா, வண்டி நம் யார்டுக்கு வந்த நாளிலா? இதை எழுதாமல் விட்டால் ட்ரெய்லர் கிடைக்காத ஒவ்வொரு நாளும் சண்டைதான். இங்கே எழுத்தில் சொன்ன நாளின் மாலை என்று வைத்துக்கொள்வோம்.

நான்காவது, எது தேய்மானம், எது சேதம்? பக்கெட் பல் சீராகத் தேய்ந்தால் நம் கணக்கு. பல் காணாமல் போனால், அடாப்டர் உடைந்தால், கண்ணாடி நொறுங்கினால் பார்ட்டி கணக்கு. பழைய பாகத்துக்குப் புதிய பாகத்தின் முழு விலையையும் வாங்குவதா, மிச்ச ஆயுளுக்கு மட்டுமா என்பதையும் எழுத வேண்டும்.

## 2. இயந்திரத்தையும் மணியையும் இரண்டு புராடக்டாகப் பிரியுங்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்வது இதுதான்: எக்ஸ்கவேட்டரை ரென்டல் புராடக்டாகப் போட்டு, விலைப் பகுதியில் ஒரு மணிக்கு ₹1,500 என்று எழுதிவிடுவார்கள். ஒடூவின் ரென்டல் விலை பிக்அப் நேரத்துக்கும் ரிட்டர்ன் நேரத்துக்கும் இடையில் உள்ள கடிகார நேரத்தை எண்ணும். 30 நாள் என்றால் 720 மணி. ₹10,80,000 என்று கொட்டேஷன் வந்து நிற்கும். டிரில்லிங் மெஷின், கேமரா போன்றவற்றை அரை நாளுக்கு விடும் கடைக்கு அந்தக் கணக்கு சரி. நமக்குச் சரிவராது.

அதனால் இயந்திரத்தை ஒரு புராடக்டாக வையுங்கள். `Can be Rented` டிக் செய்து, `Tracking` பகுதியில் `By Unique Serial Number` தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சீரியல் எண் இருந்தால்தான் எந்த வண்டி எந்த சைட்டில் என்று தெரியும். விற்பனை விலை, ரென்டல் விலை இரண்டிலும் 0 போடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் 0 போட்டால், பின்னால் தேதியை நீட்டி விலையைப் புதுப்பிக்கும்போது பழைய விலை திரும்பி வந்துவிடும்.

அதே புராடக்டில் `Extra Hour`, `Extra Day` இரண்டையும் 0 ஆக்குங்கள். இவை தாமதக் கட்டணம். செட்டிங்ஸில் பொதுவான தொகை இருந்தால் புதிய புராடக்டுக்கு அது தானாக வந்து உட்காரும். ட்ரெய்லர் இரண்டு நாள் கழித்து வந்தாலும், ரிட்டர்ன் பதியும்போது ஆர்டரில் தாமதக் கட்டண வரி ஒன்று சத்தமில்லாமல் சேர்ந்துவிடும்.

அடுத்து, பணம் வசூலிக்கும் புராடக்ட். "எக்ஸ்கவேட்டர் ஓடிய மணி" என்று சர்வீஸ் வகையில் ஒன்று, "உறுதி மணிக் குறைவு" என்று இன்னொன்று. அளவு `Hours`, விலை ₹1,500, பில் விதி `Based on Delivered Quantity (Manual)`. நாம் கையால் எழுதும் மணிக்கு மட்டுமே பில் போக வேண்டும் என்பதற்காக இந்த விதி. பிரேக்கர் மாட்டி ஓட்டும் மணிக்கு ரேட் வேறு என்றால் அதற்கும் தனி புராடக்ட் வேண்டும். பக்கெட்டா பிரேக்கரா என்று மீட்டருக்குத் தெரியாது. அது லாக் ஷீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

வரிக் குறியீட்டையும் இப்போதே போடுங்கள். ஆபரேட்டர் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு விட்டால் ஜி.எஸ்.டி. சேவைக் குறியீடு 997313. ஆபரேட்டரோடு விட்டால் அந்தத் தலைப்பில் வராது. இரண்டு வகையும் விடுகிற நிறுவனம் ஒரே புராடக்டை வைத்துச் சமாளிக்கக் கூடாது. ஆடிட்டரிடம் கேட்டு இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

## 3. மீட்டர் பதிவுக்கு ஓர் இடம்

ஒடூவின் ரென்டல் ஆப்பில் மீட்டர் ரீடிங்குக்கு இடமில்லை. புதிய கட்டங்களை நாமே சேர்க்க உதவும் ஒடூ ஸ்டூடியோவில் ஒரு சிறிய பட்டியலை உருவாக்குங்கள்: தேதி, சீரியல், ரென்டல் ஆர்டர், காலை ரீடிங், மாலை ரீடிங், பிரேக்டவுன் மணி, சைட் இன்ஜினியர் கையெழுத்திட்ட லாக் ஷீட்டின் படம். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். பத்துப் பதினைந்து கட்டம் வைத்தால் சூப்பர்வைசர் ஒரு வாரத்தில் நிரப்புவதை விட்டுவிடுவார்.

இரண்டு சோதனைகளை மட்டும் கட்டாயமாக்குங்கள். இன்றைய காலை ரீடிங் நேற்றைய மாலை ரீடிங்குக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு நாளின் ஓட்டம் 24 மணியைத் தாண்டக் கூடாது. தப்பாக அடித்த எண்களில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே சிக்கிவிடும்.

மீட்டரின் கடைசி இலக்கம் நிமிடம் இல்லை, மணியில் பத்தில் ஒரு பங்கு. 4985.4 என்றால் .4 என்பது 24 நிமிடம். இதை 40 நிமிடம் என்று லாக் ஷீட்டில் எழுதும் ஆபரேட்டர்கள் நிறைய. அதனால் "எத்தனை மணி ஓடியது" என்று கேட்கவே கேட்காதீர்கள். ரீடிங்கை மட்டும் கேளுங்கள், கழித்தலை சிஸ்டம் செய்யட்டும்.

மீட்டர் பழுதாகி மாற்றினால் புதியது 0-வில் தொடங்கும். அந்த நாளுக்குப் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கோடு ஒரு வரி, புதிய மீட்டரின் தொடக்க ரீடிங்கோடு இன்னொரு வரி என்று இரண்டு வரி போட்டு, பார்ட்டியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் முதல் சோதனையைத் தளர்த்தலாம்.

## 4. ஆர்டர், டெபாசிட், அனுப்புதல்

ரென்டல் ஆர்டரில் திரும்பும் தேதி கட்டாயம் வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு 30 நாள் போட்டு, ஒவ்வொரு சுழற்சியும் முடியும் முன் நீட்டுங்கள். நீட்ட மறந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு வண்டி காலி என்று சிஸ்டம் காட்டும். சேல்ஸில் இருப்பவர் அதையே வேறொருவருக்கு ஒப்புக்கொண்டுவிடுவார்.

டெபாசிட்டை `Down payment` ஆகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அது வரியோடு ஓர் அட்வான்ஸ் பில்லாகி, பிறகு வரும் பில்லில் கழிந்துவிடும். சேதம் வந்து பார்க்கும்போது கையில் டெபாசிட் இருக்காது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(31) பிரிவுப்படி, டெபாசிட்டைக் கட்டணத்தில் ஈடுகட்டும் வரை அது சேவைக்கான பணம் ஆகாது. எனவே "வாடகை டெபாசிட்" என்று பொறுப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வந்த பணத்தை அதில் வையுங்கள்.

வண்டி கிளம்பும் முன், `Pickup` அழுத்தும் முன், கண்டிஷன் ரிப்போர்ட் முடிந்திருக்க வேண்டும். பிக்அப் பதிந்த பிறகு எடுத்த படம் யாருடைய பொறுப்பில் இருந்தபோது எடுத்தது என்ற கேள்வி வரும். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். மீட்டர், நான்கு பக்கக் கண்ணாடி, பக்கெட், சிலிண்டர் ராடு ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். பக்கெட் பற்களின் நீளத்தை அளந்து, புதிய பல்லோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் மிச்சம் என்று எழுதுங்கள். நமது உதாரணத்தில் 60 சதவீதம். இந்த ஓர் எண்தான் கடைசியில் சண்டையைத் தீர்க்கும்.

வண்டியை விற்கவில்லை, அனுப்புகிறோம். எனவே டெலிவரி சலானும் ஈ-வே பில்லும் போதும், இந்தக் கட்டத்தில் பில் வேண்டாம். சைட்டில் இறக்கிய பிறகு பார்க்கும் ரீடிங்தான் தொடக்க ரீடிங்: ஜூன் 3 காலை, 4812.6.

## 5. மாத பில்

முதல் சுழற்சி ஜூன் 3 முதல் ஜூலை 2 வரை, 30 நாள். ஜூலை 2 மாலை இரு தரப்பும் சேர்ந்து பார்த்த ரீடிங் 4985.4. இடையில் ஹைட்ராலிக் பம்ப் கோளாறால் முழுதாக 3 நாள் வண்டி நின்றது.

```
meter     = 4985.4 - 4812.6        # 172.8
guarantee = 200 * (30 - 3) / 30    # 180
shortfall = max(0, guarantee - meter)   # 7.2
amount    = (meter + shortfall) * 1500  # 270000
```

உறுதி மணியை முதலில் குறைத்துவிட்டு, அதன் பிறகே ஓடிய மணியோடு ஒப்பிட வேண்டும். வரிசையை மாற்றி, 200-க்கு முதலில் பில் போட்டுவிட்டு, நின்ற 3 நாளுக்குத் தனியாக கிரெடிட் நோட் கொடுப்பவர்கள் உண்டு. 200 மணிக்கு மேல் ஓடிய மாதத்தில் அந்த முறை தப்பாகிவிடும். வண்டி 210 மணி ஓடியிருந்தால் பிரேக்டவுனுக்காகக் கழிக்க எதுவுமே இல்லை, ஓடிய 210-க்கும் பணம் உண்டு. கிரெடிட் நோட் கொடுத்தால் அது நம் கைநஷ்டம்.

ஆர்டரில் இரண்டு வரி சேர்க்கிறோம். ஓடிய மணி 172.8, அதாவது ₹2,59,200. உறுதி மணிக் குறைவு 7.2, அதாவது ₹10,800. இரண்டையும் ஒன்றாக 180 என்று எழுதாதீர்கள். பார்ட்டியின் அக்கவுன்ட்ஸ் பிரிவு லாக் ஷீட்டைக் கூட்டிப் பார்க்கும், 172.8 வரும், பில் திரும்பி வரும். விளக்கக் கட்டத்தில் "4812.6 – 4985.4, பிரேக்டவுன் 3 நாள்" என்று எழுதிவிட்டால் அந்தப் போன் வராது.

அடுத்த சுழற்சிக்குப் புதிய வரிகளைச் சேருங்கள், பழைய வரியைத் திருத்தாதீர்கள். ஒடூவில் `Delivered` என்பது அந்த வரியின் மொத்தக் கணக்கு. பழைய வரியில் 172.8-க்கு ஏற்கெனவே பில் போயிருக்கும். அதை அழித்து இரண்டாம் மாதத்தின் 115.5-ஐ எழுதினால், 57.3 மணி கூடுதலாக பில் போட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, பில் போட வேண்டிய அளவு மைனஸ் 57.3 என்று காட்டும். "சிஸ்டம் ஏன் கிரெடிட் நோட் போடுகிறது?" என்ற கேள்வி வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

## 6. வாடகை நிற்பதும் வண்டி திரும்புவதும்

ஜூலை 17 மாலை பார்ட்டி வேலை முடிந்ததாக மெயில் அனுப்புகிறார். அன்றே சைட்டில் இரு தரப்பும் பார்த்த ரீடிங் 5100.9. ட்ரெய்லர் ஜூலை 19-ல்தான் கிடைத்தது. யார்டில் இறக்கியபோது ரீடிங் 5101.6.

ஒடூவில் ஒரே ஒரு ரிட்டர்ன் நேரம்தான் உண்டு. அது வண்டி வந்து சேர்ந்த நேரம். வாடகை நின்ற தேதிக்கும் ரீடிங்குக்கும் ஆர்டரில் இரண்டு தனிக் கட்டங்கள் சேர்த்து, பில் கணக்கு அந்தக் கட்டங்களிலிருந்தே போக வேண்டும். 5101.6-க்கும் 5100.9-க்கும் இடையிலுள்ள 0.7 மணி, ட்ரெய்லரில் ஏற்றி இறக்கிய ஓட்டம். ஒப்பந்தத்தில் இல்லாமல் அதை பில்லில் ஏற்றக் கூடாது. ஆனால் இயந்திரத்தின் மீட்டர் பட்டியலில் அதைப் பதிந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாடகையின் முதல் நாளிலேயே நாம் வைத்த சோதனை தடுக்கும்.

இரண்டாம் சுழற்சி 15 நாள். உறுதி 100 மணி, ஓடியது 115.5. குறைவு இல்லை, பில் ₹1,73,250. சரிபார்க்க எளிய வழி ஒன்று: எல்லா பில்களிலும் உள்ள ஓடிய மணிகளைக் கூட்டினால் கடைசி ரீடிங்கில் முதல் ரீடிங்கைக் கழித்த எண் வர வேண்டும். 172.8-ம் 115.5-ம் சேர்ந்து 288.3. 5100.9-ல் 4812.6 போக 288.3. ஒத்துப்போகிறது. உறுதிக் குறைவை ஓடிய மணியோடு கலந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

ரிட்டர்ன் பதிந்த அந்த நொடியே வண்டி அடுத்த புக்கிங்குக்குத் தயார் என்று சிஸ்டம் நினைக்கும். புராடக்டில் `Padding Time` வைத்து அந்த இடைவெளியை உண்டாக்குங்கள். எக்ஸ்கவேட்டருக்கு 48 மணி வைக்கலாம். கழுவாமல் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாது.

## 7. சேதத்தைப் பார்ப்பதும் பில் போடுவதும்

கழுவுங்கள், அனுப்பியபோது எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள், பார்ட்டியின் ஆளைக் கூப்பிடுங்கள், அதன் பிறகே பிரித்து மாட்டுங்கள். ரிப்பேர் முடிந்த பிறகு காட்டும் சேதத்துக்கு மதிப்பில்லை. மூன்று வேலை நாளுக்குள் வந்து பார்க்காவிட்டால் நம் ரிப்போர்ட்டே இறுதி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் வேலை நிற்காது.

நமது வண்டியில் கண்டவை: பக்கெட்டின் 5 பற்களில் 3 சீராகத் தேய்ந்திருந்தன. 2 பற்கள் அடாப்டரோடு போயிருந்தன. கேபின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்திருந்தது. ரிப்பேர் ஆப்பில் இந்த வண்டியின் சீரியலுக்கு ஆர்டர் திறந்து, மாட்டும் எல்லாப் பாகங்களையும் அதில் ஏற்றுங்கள், தேய்ந்த 3 பற்களுக்கு மாற்று உட்பட. நம் செலவு முழுதும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். பார்ட்டிக்குப் போவது அதில் ஒரு பகுதி மட்டும்.

பல் ஒன்று ₹1,600. அனுப்பும்போது 60 சதவீதம்தான் மிச்சம் என்பதால் 2 பற்களுக்கு ₹1,920. அடாப்டர் தேய்கிற பொருள் அல்ல, உடைந்தது, 2-க்கு ₹9,600. கண்ணாடி ₹14,500. வெல்டிங், மாட்டும் கூலி 6 மணிக்கு ₹3,600. மொத்தம் ₹29,620. புதுப் பல் மாட்டி முழு விலையும் கேட்டால் ₹1,280 கூடுதலாக வரும். அந்தச் சின்னத் தொகையைப் பிடித்துக்கொண்டு பார்ட்டி மொத்த ₹30,900-ஐயும் நிறுத்தி வைப்பார்.

ரிப்பேர் நாட்களுக்கு வாடகை இழப்பு கேட்பது ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும். அப்போதும் ஒரு நாளுக்கு உறுதி மணியின் பங்குதான்: ₹3,00,000-ஐ 30-ஆல் வகுத்தால் ₹10,000. பாகம் வரவில்லை என்று நாம் காத்திருந்த நாளுக்குக் கேட்பது நியாயமில்லை.

சேதத்துக்கு எப்போதும் தனி சேல்ஸ் ஆர்டர், தனி பில். வாடகை ஆர்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்தால் இரண்டும் ஒரே பில்லில் வரும். கண்ணாடிக்காகத் தொடங்கும் வாக்குவாதம் ₹1,73,250 வாடகையையும் சேர்த்து நிறுத்திவிடும்.

இந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்பதில் பலருக்குக் குழப்பம். 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178/10/2022-GST சுற்றறிக்கை சொல்லும் அடிப்படை இது: இழப்பை ஈடுகட்ட மட்டும் வாங்கும் தொகை, தனியாக ஒரு சேவைக்கான கட்டணமாக இல்லாதபோது, வரிக்குரிய சப்ளை ஆகாது. கூடுதல் நாள் வாடகை, ஏற்றி இறக்கும் செலவு போன்றவை அப்படியல்ல, அவை சேவைக்கான பணம். பில்லில் வைக்கும் தலைப்பும் ஒப்பந்த வாசகமும் ஒத்துப்போக வேண்டும். ஆடிட்டர் ஒருமுறை முடிவு சொன்னபின் "சேத ஈடு" என்ற ஒரே புராடக்டில் அந்த வரி அமைப்பைப் பூட்டி வையுங்கள். பில் போடுபவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கிளைம் போட்டிருந்தால், வந்த தொகை போக மிச்சத்தை மட்டுமே பார்ட்டியிடம் கேட்க முடியும். கிளைம் முடியும் வரை சேத பில்லை டிராஃப்டில் வையுங்கள்.

## 8. டெபாசிட்டை முடிப்பது

வாடகை பில் இரண்டும் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள், சேத பில்லைப் பார்ட்டி ஏற்றாரா என்று பாருங்கள், பிறகே டெபாசிட்டைத் தொடுங்கள். பொறுப்புக் கணக்கிலிருந்து ₹29,620-ஐ ஜர்னல் என்ட்ரி மூலம் பார்ட்டியின் கணக்குக்கு மாற்றி, சேத பில்லோடு `Reconcile` செய்யுங்கள். மிச்சம் ₹70,380-ஐ வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள்.

பார்ட்டி சேதத்தின் ஒரு பகுதியை மட்டும் ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொண்ட பகுதிக்கு மட்டும் ஈடுகட்டுங்கள். மறுத்த பகுதியை டெபாசிட்டில் பிடித்து வைக்கலாம், வருமானமாகக் காட்டக் கூடாது. பேசி முடிவானபின் குறைத்த தொகைக்கு கிரெடிட் நோட் போடுங்கள். பழைய பில்லை `Reset to Draft` செய்து திருத்தாதீர்கள். பார்ட்டியின் கையில் இருக்கும் பில்லும் நம் சிஸ்டத்தில் இருப்பதும் வெவ்வேறாகிவிடும்.

மாத முடிவில் "வாடகை டெபாசிட்" கணக்கின் மீதியை, நடப்பில் உள்ள ரென்டல் ஆர்டர்களின் டெபாசிட் கூட்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் அதிகம் இருந்தால், வண்டி திரும்பியும் டெபாசிட் முடிக்காத ஆர்டர் ஒன்று எங்கோ இருக்கிறது. குறைவாக இருந்தால், யாரோ மறுபடி `Down payment` பட்டனை அழுத்தியிருக்கிறார்.